அத்தியாயம் 7: போர்டிங்கில் விட்ட நாய் காயத்தோடு திரும்பினால் – மருத்துவச் செலவைக் கேட்டுக் கடிதம் எழுதுவது எப்படி?

ஊருக்குப் போகும்போது நாயை போர்டிங்கில் விட்டீர்கள். திரும்பி வந்து பார்த்தால் கழுத்தில் கடிக்காயம். "விளையாட்டுல லேசா கீறிக்கிச்சு" என்கிறார் அங்கிருக்கும் பையன். டாக்டரிடம் போனால் பத்தாயிரம் ரூபாய் செலவாகிறது. அந்தப் பணத்தைக் கேட்டு எழுதும் கடிதம் எப்படி இருக்க வேண்டும், அதோடு எதையெல்லாம் இணைக்க வேண்டும் என்பதைத்தான் இந்த அத்தியாயம் சொல்கிறது.

கடிதத்தின் பலம் கோபமான வார்த்தைகளில் இல்லை. இரண்டே விஷயங்களை அது காட்டினால் போதும்: ஒப்படைத்தபோது நாய்க்குக் காயம் இல்லை, திரும்ப வாங்கியபோது இருந்தது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 151-இன்படி, பிறர் பொருளைப் பொறுப்பில் வாங்கியவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் பொருளைப் பார்த்துக்கொள்ளும் அளவுக்காவது அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சட்டத்தின் பார்வையில் வளர்ப்புப் பிராணியும் உடைமைதான். இடையில் காயம் ஏற்பட்டது என்று காட்டிவிட்டால், தாங்கள் சரியாகத்தான் கவனித்தோம் என்று விளக்கும் பொறுப்பு போர்டிங்காரர் மேல் விழுகிறது. சட்டம் இவ்வளவு தெரிந்தால் போதும். இனி வேலைக்கு வருவோம்.

நாம் பின்தொடரப் போகும் எடுத்துக்காட்டு

சென்னையில் ஒரு குடும்பம். நான்கு வயது நாட்டு நாய், பெயர் பிரவுனி. மதுரையில் ஒரு கல்யாணத்துக்காக 2025 மே 14 முதல் 18 வரை போர்டிங்கில் விட்டார்கள். ஒரு நாளைக்கு 700 ரூபாய். ஐந்து நாளுக்கு 3,500 ரூபாய். மே 18 மாலை 5 மணிக்கு அழைத்து வரும்போது இடது காதுக்குப் பின்னால் முடி ஒட்டிப்போய், வீங்கி, நாற்றம் அடித்தது. இது கற்பனைச் சம்பவம்தான். ஆனால் கடிதம் எப்படி உருவாகிறது என்பதை இதை வைத்தே கடைசிவரை பார்க்கலாம்.

## பகுதி 1: முதல் சில மணி நேரம்

படி 1. வாசலிலேயே பாருங்கள். நாயை வாங்கிக்கொண்டு உடனே வண்டியில் ஏற்றாதீர்கள். காதுக்குப் பின்னால், கழுத்துப்பட்டைக்கு அடியில், அக்குள், தொடை இடுக்கு, பாதம் என்று தடவிப் பாருங்கள். கடிக்காயம் வெளியே சின்ன ஓட்டையாகத்தான் தெரியும். உள்ளே தசை கிழிந்திருக்கலாம். காயத்தை வீட்டுக்கு வந்து பார்த்தால், "இங்கிருந்து போகும்போது நல்லாத்தானே இருந்தது" என்று சொல்ல அவர்களுக்கு இடம் கிடைத்துவிடும்.

பாதுகாப்பு: வலியில் இருக்கும் நாய் சொந்தக்காரரையும் கடிக்கும். காயத்தைத் தொட வேண்டியிருந்தால் வாய்மூடி போடுங்கள். நாய்க்கு மூச்சுத் திணறினாலோ வாந்தி வந்தாலோ வாயைக் கட்டவே கூடாது. உங்களைக் கடித்துவிட்டால் ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

படி 2. அங்கேயே படம் எடுங்கள். போர்டிங்கின் பெயர்ப்பலகையோ வாசலோ பின்னணியில் தெரியும்படி ஒரு படமாவது இருக்கட்டும். காயம் எந்த இடத்தில் கண்டறியப்பட்டது என்பதை அந்தப் படமே சொல்லிவிடும்.

படி 3. அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். "காயத்தை அப்படியே வைத்திருந்தால்தான் ஆதாரம்" என்று காத்திருப்பது பெரிய தவறு. காயம் சீழ் வைக்கும், செலவு ஏறும். தடுத்திருக்கக்கூடிய செலவை நீங்களே கூட்டிவிட்டீர்கள் என்று எதிர்த்தரப்பு அந்தப் பகுதியைக் கழிக்கக் கேட்கும். மனிதர்களுக்கான வலி மாத்திரைகளை நீங்களாகக் கொடுக்காதீர்கள். ஐபுப்ரொஃபென் நாய்க்கு நஞ்சு. பாராசிட்டமால் பூனையைக் கொன்றே விடும்.

இன்னொரு நாய் கடித்திருந்தால் அதன் வெறிநோய்த் தடுப்பூசி விவரத்தைப் போர்டிங்கில் கேட்டு வாங்கி டாக்டரிடம் காட்டுங்கள். உங்கள் நாய்க்கு மறுபடி ஊசி வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்வார்.

படி 4. அன்றிரவே வாட்ஸ்அப்பில் நான்கு வரி அனுப்புங்கள். இது கோரிக்கைக் கடிதம் அல்ல, தகவல்தான். எடுத்துக்காட்டில் அனுப்பியது இது:

> இன்று (18.05.2025) மாலை 5 மணிக்கு எங்கள் நாய் பிரவுனியை உங்களிடமிருந்து பெற்றோம். இடது காதுக்குப் பின்னால் கடிக்காயமும் வீக்கமும் இருந்தன, படங்கள் இணைத்துள்ளேன். "விளையாடும்போது கீறிக்கொண்டது" என்று உங்கள் பணியாளர் சொன்னார். 16 முதல் 18 வரையிலான சிசிடிவி பதிவை அழிக்காமல் வைத்திருக்கவும். கடித்த நாயின் தடுப்பூசி விவரத்தை உடனே தெரிவிக்கவும்.

பணியாளர் வாயால் சொன்னதை அன்றைக்கே எழுத்தில் போட்டுவிட்டது இதன் பெரிய பயன். அதை அவர்கள் மறுக்காமல் "சாரி சார், பார்த்துக்கறோம்" என்று பதில் போட்டால் உங்கள் தரப்புக்கு அது வலுச் சேர்க்கும். சிசிடிவி பதிவைக் கேட்பதில் தாமதம் கூடாது. பல கருவிகளில் சில நாட்களிலேயே பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும்.

## பகுதி 2: ஆதாரம் திரட்டுதல்

### படங்கள்

1. மூன்று தூரத்தில் எடுங்கள். முதலில் முகமும் காயமும் சேர்ந்து தெரியும் முழுப்படம். இது உங்கள் நாய்தான் என்பதற்கு. அடுத்து காயம் உடலின் எந்தப் பகுதியில் என்று காட்டும் படம். கடைசியில் அருகிலிருந்து, பக்கத்தில் ஒரு ஸ்கேலோ ஐந்து ரூபாய் நாணயமோ வைத்து.
2. முடி மழிப்பதற்கு முன்னும் பின்னும் எடுங்கள். முடி மூடியிருக்கும்வரை பெரிய காயமும் படத்தில் கீறலாகத்தான் தெரியும். டாக்டர் மழித்ததும் ஒரு நிமிடம் அனுமதி கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பிரவுனிக்கு மழித்த பிறகுதான் நான்கு பல் ஓட்டைகள் தெரிந்தன. "கீறல்" என்ற பேச்சு அந்த ஒரு படத்தோடு முடிந்தது.
3. மூல கோப்பை அப்படியே வையுங்கள். படம் எடுத்த நாள், நேரம் போன்ற தகவல் கோப்புக்குள்ளேயே இருக்கிறது. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது கழன்றுவிடும். படங்களை மின்னஞ்சலிலோ கூகுள் டிரைவிலோ ஏற்றி வையுங்கள். வட்டம் போடுவது, வெட்டுவது எல்லாம் நகலில் மட்டும்.

### முன்பதிவுப் பதிவுகள்

முன்பதிவு என்றால் பணம் கட்டிய ரசீது மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நாய் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை யாருடைய பொறுப்பில் இருந்தது என்று காட்டும் எல்லாமே முன்பதிவுப் பதிவுதான். அவற்றைக் கால வரிசையில் அடுக்குங்கள்:

1. இடம் கேட்டு நீங்கள் அனுப்பிய செய்தி, விலையும் தேதியும் சொல்லி அவர்கள் ஒப்புக்கொண்ட பதில்.
2. முன்பணம், மீதிப்பணம் இரண்டுக்கும் யூபிஐ பரிவர்த்தனை விவரம்.
3. நீங்கள் கையெழுத்திட்ட சேர்க்கைப் படிவம். நகல் தராவிட்டால் எழுத்தில் கேளுங்கள்.
4. தங்கியிருந்த நாட்களில் அவர்கள் அனுப்பிய தினசரிப் படங்கள்.

நான்காவது விஷயத்தைத்தான் பெரும்பாலானவர்கள் மறந்துவிடுகிறார்கள். பிரவுனி விஷயத்தில் 14, 15, 16 மூன்று நாளும் படம் வந்தது. 16-ஆம் தேதி மாலை 6.10-க்கு வந்த படத்தில் இடது காதும் கழுத்தும் சுத்தமாகத் தெரிந்தன. 17-ஆம் தேதி படம் வரவில்லை. கேட்டதற்கு "கொஞ்சம் பிசி" என்று பதில். ஆக, 16 மாலைக்கும் 18 மாலைக்கும் நடுவில்தான் காயம் பட்டது என்பதற்குப் போர்டிங்காரர் அனுப்பிய படமே சாட்சி ஆகிவிட்டது.

வாட்ஸ்அப் உரையாடலை `Export chat` மூலம் உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிவையுங்கள். முக்கியமான செய்திகளை அவர்களின் எண்ணும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட்டும் எடுங்கள். செய்திகள் தானாக மறையும் வசதி இயங்கினால் உடனே அணைத்துவிடுங்கள்.

### டாக்டரின் குறிப்பு

மருந்துச் சீட்டும் பில்லும் மட்டும் போதாது. கிளினிக்கின் தாளில் தனியாக ஒரு குறிப்பு கேளுங்கள். அதில் இருக்க வேண்டியவை: எந்த நாள், எத்தனை மணிக்குப் பார்த்தார், காயம் எங்கே, எவ்வளவு பெரியது, எந்த வகைக் காயம், ஏறத்தாழ எத்தனை நாள் பழையது, என்ன சிகிச்சை. கீழே கையெழுத்தும் பதிவு எண்ணும்.

செய்யக்கூடாதது: "போர்டிங்காரங்க அலட்சியம்தான் காரணம்னு எழுதிக் கொடுங்க டாக்டர்" என்று வற்புறுத்தாதீர்கள். நடந்ததை அவர் பார்க்கவில்லை. "மற்றொரு நாயின் பல் பட்ட காயத்தோடு ஒத்துப்போகிறது, ஒன்று முதல் இரண்டு நாள் ஆகியிருக்கலாம்" என்று அவர் எழுதுவதே உங்களுக்குப் போதும். காயத்தின் வயது போர்டிங்கில் இருந்த நாட்களுக்குள் விழுந்துவிடுகிறது அல்லவா?

## பகுதி 3: எவ்வளவு கேட்பது?

சிகிச்சை முடிந்த பிறகு கணக்குப் போடுங்கள். பிரவுனிக்கு மே 29 அன்று தையல் பிரித்த பிறகுதான் இந்தக் கணக்கு எழுதப்பட்டது:

- மருத்துவரைப் பார்த்த கட்டணம்: 500
- மயக்கத்தில் காயத்தைத் திறந்து கழுவி, வடிகுழாய் வைத்துத் தைத்தது: 4,800
- எக்ஸ்ரே: 900
- ரத்தப் பரிசோதனை: 850
- முதல் நாள் மருந்துகள்: 1,340
- கட்டு மாற்றியதும் தையல் பிரித்ததும், 3 முறை, தலா 400: 1,200
- பின்னர் வாங்கிய மருந்துகள்: 610
- மருத்துவச் செலவு: 10,200 ரூபாய்
- கிளினிக்குக்குப் போய்வர ஆட்டோ, 4 முறை, தலா 250: 1,000
- காயம்பட்ட பின் உரிய கவனிப்பு இல்லாத 2 நாள் (மே 17, 18) போர்டிங் கட்டணம்: 1,400
- மொத்தம்: 12,600 ரூபாய்

முதல் நாள் பில்லின் உண்மைத் தொகை 8,990 ரூபாய். அதில் குடற்புழு மாத்திரைக்கு 150, உண்ணி ஷாம்புக்கு 450 என்று 600 ரூபாய் சேர்ந்திருந்தது. போன இடத்தில் அதையும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த 600-ஐக் கழித்து, கழித்ததைக் கடிதத்திலும் சொல்லிவிட்டார்கள். காயத்துக்குத் தொடர்பில்லாத ஒரு வரி பில்லில் இருந்தால் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொண்டு மொத்தக் கணக்கையே சந்தேகத்துக்கு உள்ளாக்கும்.

குறிப்பு: ஆட்டோவை ஆப்பில் பதிவு செய்தால் ஒவ்வொரு பயணத்துக்கும் ரசீது கிடைக்கும். மன உளைச்சலுக்கான தொகையை இந்தக் கடிதத்தில் சேர்க்காதீர்கள். பில் இருக்கும் தொகையை மட்டும் கேட்டால் சீக்கிரம் தீர வாய்ப்பு அதிகம். விஷயம் நுகர்வோர் ஆணையம்வரை போனால் அங்கே அதைத் தனியாகக் கேட்கலாம்.

## பகுதி 4: கடிதம்

யாருக்கு எழுதுவது? பெயர்ப்பலகையில் இருப்பது வியாபாரப் பெயராக மட்டும் இருக்கலாம். பில்லில் ஜிஎஸ்டி எண் இருந்தால் `gst.gov.in` தளத்தின் `Search Taxpayer` பகுதியில் அதைப் போட்டால் சட்டப்படியான பெயர் கிடைக்கும். இல்லாவிட்டால் யூபிஐயில் பணம் பெற்றவராகக் காட்டும் பெயரையும் சேர்த்து, "உரிமையாளர் / நிர்வாகி" என்று எழுதுங்கள்.

மாதிரிக் கடிதம்:

> நாள்: 31.05.2025
>
> அனுப்புநர்: (உங்கள் பெயர், முகவரி, கைபேசி எண்)
>
> பெறுநர்: உரிமையாளர் / நிர்வாகி, (போர்டிங்கின் பெயர், முகவரி)
>
> பொருள்: தங்கள் பொறுப்பில் இருந்தபோது எங்கள் நாய்க்கு ஏற்பட்ட காயம் – செலவுத் தொகை 12,600 ரூபாய் கோருதல்
>
> ஐயா / அம்மா,
>
> 1. எங்கள் நாய் பிரவுனியை 14.05.2025 முதல் 18.05.2025 வரை பராமரிக்கத் தாங்கள் ஒப்புக்கொண்டு 3,500 ரூபாய் பெற்றுக்கொண்டீர்கள் (இணைப்பு 1, 2).
>
> 2. ஒப்படைத்தபோது நாய் நலமாக இருந்தது. 16.05.2025 மாலை 6.10 மணிக்குத் தாங்கள் அனுப்பிய படத்திலும் காயம் எதுவும் இல்லை (இணைப்பு 3).
>
> 3. 18.05.2025 மாலை 5 மணிக்குத் திரும்பப் பெற்றபோது இடது காதுக்குப் பின்னால் காயம் இருந்தது. தங்கள் வாசலில் எடுத்த படங்களும், முடி மழித்த பின் எடுத்த படங்களும் இணைப்பு 4. அதுவரை காயம் பற்றி எங்களுக்கு எந்தத் தகவலும் தரப்படவில்லை. அன்றிரவே தங்களுக்குத் தெரிவித்தோம் (இணைப்பு 5).
>
> 4. அன்று இரவு 7 மணிக்குப் பரிசோதித்த கால்நடை மருத்துவர், இது மற்றொரு நாயின் பல் பட்ட காயத்தோடு ஒத்துப்போகிறது என்றும், ஒன்று முதல் இரண்டு நாள் ஆகியிருக்கலாம் என்றும் குறிப்பிட்டுள்ளார் (இணைப்பு 6).
>
> 5. தங்கள் பொறுப்பில் இருந்த காலத்தில் காயம் ஏற்பட்டதும், அதற்குச் சிகிச்சை அளிக்காமலும் தெரிவிக்காமலும் இருந்ததும் சேவைக் குறைபாடு ஆகும். இதனால் எங்களுக்கு ஆன செலவு: மருத்துவம் 10,200, போக்குவரத்து 1,000, போர்டிங் கட்டணத்தில் 2 நாள் 1,400, மொத்தம் 12,600 ரூபாய். முதல் பில்லில் காயத்துக்குத் தொடர்பில்லாத 600 ரூபாயைக் கழித்துள்ளோம் (இணைப்பு 7, பில்களும் கணக்குத் தாளும்).
>
> 6. இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் மேற்படி தொகையை வழங்கவும். தங்கள் விளக்கம் வேறாக இருந்தால் அதே காலத்துக்குள் 16.05.2025 முதல் 18.05.2025 வரையிலான சிசிடிவி பதிவோடு எழுத்தில் தெரிவிக்கவும். தவறினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் முறையீடு செய்வோம்.
>
> இப்படிக்கு,
> (கையெழுத்து)

முதல் ஐந்து பத்திகளும் தாங்கள் சொல்லும் செய்திக்கான இணைப்பைக் காட்டுவதைக் கவனியுங்கள். இணைப்பு இல்லாத வாக்கியம் வந்தால் அது தேவைதானா என்று கேட்டுப் பாருங்கள். "பணத்தாசை பிடித்தவர்கள்", "மனசாட்சியே இல்லையா" போன்றவை அந்தச் சோதனையிலேயே உதிர்ந்துவிடும்.

அனுப்பும் முறை: ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். சேர்ந்ததும் இணையத்தில் காட்டும் விநியோக விவரத்தை அச்சிட்டு வையுங்கள். அதே கடிதத்தை மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். இணைப்புகளில் நகல்கள் மட்டும் போகட்டும். அசல் பில் ஒன்றுகூட உங்கள் கையை விட்டுப் போகக் கூடாது.

## பகுதி 5: அவர்கள் சொல்லக்கூடிய பதில்கள்

"சொந்தப் பொறுப்பில் விடுகிறேன் என்று கையெழுத்துப் போட்டீர்களே?" படிவத்தில் அப்படி ஒரு வரி இருந்தால் உங்கள் வாதம் கடினமாகும், ஆனால் அங்கேயே முடிந்துவிடாது. விபத்து நேர்ந்ததற்கு அந்த வரியைக் காட்டலாம். காயத்தைப் பார்த்தும் டாக்டரிடம் காட்டாததற்கும் உங்களுக்குச் சொல்லாததற்கும் அது பதிலாகாது. ஐந்தாவது பத்தியில் "தெரிவிக்காமலும்" என்ற சொல்லைச் சேர்த்தது இதற்காகத்தான். படிவத்தை மறைக்காதீர்கள், அதன் நகல் அவர்களிடமும் இருக்கிறது.

"உங்க நாய்தான் முதல்ல சண்டைக்குப் போச்சு." சேர்க்கும்போது நாயின் குணத்தை நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது இங்கே முக்கியம். மற்ற நாய்களோடு சேராது என்று தெரிந்தும் மறைத்திருந்தால் தவறு உங்கள் பக்கமும் வருகிறது; ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 150 அதைத்தான் சொல்கிறது. படிவத்தில் எழுதியிருந்தால், தெரிந்தும் ஏன் ஒன்றாக விட்டீர்கள் என்று நீங்கள் கேட்கலாம்.

"பாதி தருகிறோம், முடிச்சுக்கலாம்." ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். ஆனால் சிகிச்சை முடியும் முன்னால் "முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்" என்று எதிலும் கையெழுத்திடாதீர்கள். தற்போதைக்கு வாங்குவதானால் "பகுதித் தொகையாகப் பெற்றேன், மீதி நிலுவை" என்று எழுதி வாங்குங்கள்.

எச்சரிக்கை: "பணம் தராவிட்டால் கூகுளில் நாறடித்துவிடுவேன்" என்று எழுத்திலோ பேச்சிலோ சொல்லாதீர்கள். நியாயமான கோரிக்கையை அது மிரட்டலாக மாற்றிவிடும். அதன் பிறகு நீங்கள்தான் விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

## பகுதி 6: 15 நாள் கடந்தும் பதில் இல்லையா?

1. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள். அவர்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இல்லை. நிறுவனத்துக்குத் தகவல் அனுப்பிப் பேசுவார்கள். கொடுக்கும் புகார் எண்ணைக் குறித்துவையுங்கள்.
2. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுங்கள். நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். `e-jagriti.gov.in` தளம் வழியாகவும் அனுப்பலாம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம்வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம்.
3. காயம் நேர்ந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். வாட்ஸ்அப் செய்தி, படம் போன்ற மின்னணு ஆதாரங்களுக்குச் சான்றிதழ் கேட்கப்படலாம். ஆகவே படம் எடுத்த கைபேசியை மாற்றினாலும் விற்றுவிடாதீர்கள்.

ஆணையத்தில் போடும் மனுவைப் புதிதாக எழுத வேண்டியதில்லை. உங்கள் கடிதத்தின் ஆறு பத்திகளும் ஏழு இணைப்புகளும் அதே வரிசையில் அங்கே போய் உட்கார்ந்துவிடும்.

அடுத்த முறைக்கு ஒரு குறிப்பு: ஒப்படைக்கும் நாளில் போர்டிங் வாசலிலேயே நாயை நான்கு பக்கமும் காட்டி அரை நிமிட வீடியோ எடுத்து, அங்கிருந்தபடியே அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். இந்தக் குடும்பம் அதைச் செய்யவில்லை. போர்டிங்காரர் அனுப்பிய 6.10 மணிப் படம் மட்டும் இல்லாமல் போயிருந்தால், கடிதத்தின் இரண்டாவது பத்தியில் எழுத அவர்களிடம் எதுவும் இருந்திருக்காது.